நகரும் கோடுகளைப் படிப்பது எப்படி: தேவை–அளிப்பு வரைபட ஸ்லைடுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொருளியல் வகுப்பில் அந்த ஸ்லைடு திரையில் வரும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். முதலில் ஒரு இறங்குகோடு, அடுத்து ஒரு ஏறுகோடு, பிறகு ஒரு அம்புக்குறி, அதன் பின்னால் புதிதாக ஒரு கோடு என்று ஒவ்வொன்றாக வரும். தேர்வுக்கு முந்தைய நாள் அதே ஸ்லைடை பிடிஎஃப்-ஆகத் திறந்தால் நான்கு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். தேவைக்கு D1, D2, அளிப்புக்கு S1, S2 என்று நான்கு பெயர்கள், நான்கு வெட்டுப்புள்ளிகள், இரண்டு மூன்று அம்புகள். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்ற வரிசை காணாமல் போயிருக்கும். ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்த நகல் என்றால் நிறமும் இருக்காது.

அப்படி ஒரு ஸ்லைடை எடுத்துக்கொண்டு, தொலைந்துபோன வரிசையைத் திரும்பக் கட்டும் முறையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். எடுத்துக்காட்டு, கார்த்திகை மாதத்துக் கோயம்பேடு சந்தையின் தக்காளி. அந்த மாதத்தில் இரண்டு கோடுகளும் ஒரே சமயத்தில் நகர்வதற்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. கணக்கு எளிதாக வர வேண்டும் என்பதற்காக எண்களை முழு எண்களாக வைத்திருக்கிறோம்; அவை சந்தையின் புள்ளிவிவரம் அல்ல. பக்கத்தில் ஒரு கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது. இந்த வரைபடம் கையால் வரையும்போதுதான் பிடிபடும்.

கோடுகளுக்கு முன் அச்சுகள்

கண் தானாகவே வெட்டுப்புள்ளிக்குத்தான் ஓடும். அதைத் தடுத்து, முதலில் அச்சுகளைப் படியுங்கள். செங்குத்து அச்சில் விலை, கிடைமட்ட அச்சில் அளவு. நம் வரைபடத்தில் P என்பது ஒரு கிலோவின் மொத்த விலை, ரூபாயில். Q என்பது ஒரு நாளைக்கு எத்தனை டன் என்பது. “ஒரு நாளைக்கு” என்பதை விட்டுவிடக் கூடாது. காலம் சொல்லாத அளவுக்கு இந்த வரைபடத்தில் பொருளே இல்லை.

கணிதம் படித்துவிட்டு வருபவர்களுக்கு இங்கே ஒரு இடறல் உண்டு. கணித வகுப்பில், தானாக மாறுவதைக் கிடைமட்டத்திலும், அதனால் மாறுவதைச் செங்குத்திலும் போடுவோம். பொருளியலில் இது தலைகீழ். விலை மாறுகிறது, அதற்கேற்ப அளவு மாறுகிறது என்று பேசுகிறோம். ஆனால் விலையைச் செங்குத்தில் போடுகிறோம். 1890-இல் ஆல்ஃபிரட் மார்ஷல் இப்படி வரைந்ததிலிருந்து அதுவே வழக்கமாக நிலைத்துவிட்டது. இதன் விளைவு ஒன்றுதான், ஆனால் பெரியது: இந்த வரைபடத்தைப் பக்கவாட்டில் படிக்க வேண்டும். ஒரு விலையை எடுத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து கிடைமட்டமாகக் கோடுவரை போங்கள், கோட்டைத் தொட்டதும் கீழே இறங்கி அளவைப் படியுங்கள்.

அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்றும் பாருங்கள். விலை அச்சு 15-இல் தொடங்கினால், 20-லிருந்து 30-க்கு ஏறியது மூன்று மடங்கு ஆனதுபோல் கண்ணுக்குத் தெரியும்.

கோடு என்பது ஒரு பட்டியல்

நம் ஸ்லைடின் முதல் இரண்டு கோடுகள் இவை:

```
D1:  Q = 900 − 10P
S1:  Q = 300 + 20P
```

D1 சொல்வது இது: கிலோ 20 ரூபாய் என்றால் சென்னை ஒரு நாளைக்கு 700 டன் வாங்கும், 30 ரூபாய் என்றால் 600 டன், 40 ரூபாய் என்றால் 500 டன். விலை ஒரு ரூபாய் ஏறினால் வாங்குவது 10 டன் குறையும். S1 சொல்வது: 10 ரூபாய் கிடைத்தால் 500 டன் வரும், 20 ரூபாய் கிடைத்தால் 700 டன், 30 ரூபாய் கிடைத்தால் 900 டன். ஒரு ரூபாய் ஏறினால் வரத்து 20 டன் கூடும்.

அதாவது “தேவை” என்பது 700 என்ற ஒற்றை எண் அல்ல, முழுக் கோடும்தான். 20 ரூபாயில் வாங்கும் 700 டன்னுக்குத் “தேவைப்படும் அளவு” என்று பெயர். விலைத்தாளில் ஒவ்வொரு விலைக்கு எதிரிலும் ஒரு அளவு எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தத் தாள்தான் தேவை. அதில் ஒரு வரிதான் தேவைப்படும் அளவு. அளிப்புக்கும் இதேதான்.

20 ரூபாயில் இரு கோடுகளும் 700 டன் என்கின்றன. அதுவே முதல் சமநிலை, E1. சந்தை அங்கே நிற்பதற்குக் காரணம், மற்ற எந்த விலையிலும் அது நிற்க முடியாது என்பதே. விலை 30 ஆக இருந்தால் 900 டன் வந்து இறங்கும், 600 டன்தான் போகும். மிச்சம் அழுகும் முன் வியாபாரி விலையை இறக்குவார். விலை 10 ஆக இருந்தால் 800 டன் கேட்பார்கள், 500 டன்தான் இருக்கும், விலை ஏறும்.

கோட்டின் இரு முனைகளையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். S1-ஐ நீட்டினால் விலையே இல்லாவிட்டாலும் 300 டன் வரும் என்று சொல்லும். நேர்கோடு என்பது சந்தை வழக்கமாக உலவும் பகுதிக்கான ஒரு தோராயம். 10 ரூபாய்க்கும் 50 ரூபாய்க்கும் நடுவில் அது பேசுவதைக் கேளுங்கள், அதற்கு வெளியே கேட்காதீர்கள்.

நகர்ந்தது கோடா, கோட்டின்மேல் இருக்கும் புள்ளியா?

இந்த ஸ்லைடைத் தவறாகப் படிப்பவர்களில் பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான். அதற்கு ஒரே ஒரு சோதனை போதும்: மாற்றத்துக்குக் காரணமானது அச்சில் இருக்கிறதா?

அச்சில் இருப்பது தக்காளியின் விலை. அந்த விலை மாறியதால் வாங்கும் அளவு மாறினால், நீங்கள் அதே கோட்டின்மேல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறீர்கள். கோடு அசையாது. காரணம் அச்சில் இல்லாத ஒன்று என்றால்தான் கோடே இடம்பெயரும். மழை அச்சில் இல்லை. லாரி வாடகை இல்லை. மாலை போட்டவர்களின் எண்ணிக்கை இல்லை. கத்தரிக்காயின் விலைகூட இந்த வரைபடத்தின் அச்சில் இல்லை, ஏனென்றால் இது தக்காளிக்கான வரைபடம்.

அடுத்த கேள்வி, எந்தக் கோடு? அந்தக் காரணம் விலை சொல்லும் முன்பே வாங்குபவரின் மனதையோ பையையோ மாற்றுகிறதா, அல்லது விளைவிப்பவருக்கும் கொண்டுவருபவருக்கும் ஆகும் செலவையோ அவர்களால் முடிவதையோ மாற்றுகிறதா? முதலாவது என்றால் D, இரண்டாவது என்றால் S. ஒரு காரணத்துக்கு ஒரு கோடு. “மழை பெய்தது, வரத்து குறைந்தது, விலை ஏறியது, அதனால் தேவையும் குறைந்தது” என்று எழுதி D-யையும் இடப்பக்கம் நகர்த்துபவர்கள் உண்டு. அந்தக் கடைசிப் படியில் குறைந்தது தேவை அல்ல, தேவைப்படும் அளவு. அதற்குக் காரணம் தக்காளியின் விலை, அது அச்சிலேயே இருக்கிறது. ஆகவே D1 அப்படியே நிற்கும். அதன்மேல் நாம் மேலே ஏறுகிறோம், அவ்வளவுதான்.

மழை: S1 இடப்பக்கம் போகிறது

கோயம்பேட்டுக்குத் தக்காளி வரும் முக்கியமான பகுதிகளில் ஆந்திராவின் மதனப்பள்ளி, கர்நாடகாவின் கோலார், நம் கிருஷ்ணகிரி ஆகியவை உண்டு. ஐப்பசி கார்த்திகையில் தொடர்மழை பிடித்தால் செடியில் காய் வெடிக்கும், பறிப்பு நிற்கும், வழியில் லோடு தாமதமாகும். 2021 நவம்பரில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது இப்படியொரு மழையில்தான்.

நம் எண்களில், மழையால் எந்த விலையிலும் முன்பைவிட 300 டன் குறைவாக வருகிறது என்று கொள்வோம்:

```
S2:  Q = 20P
```

இதைத் தாளில் வரையும்போது S1-இல் ஏதாவது இரண்டு புள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் கிடைமட்டமாக 300 இடப்பக்கம் தள்ளி, இரண்டையும் சேருங்கள். 20 ரூபாயில் 700 இருந்தது 400 ஆகும். 30 ரூபாயில் 900 இருந்தது 600 ஆகும். அம்புக்குறியையும் கிடைமட்டமாகவே போடுங்கள்.

இப்போது அவசரப்பட்டுப் புதிய வெட்டுப்புள்ளிக்குத் தாவாமல், பழைய விலையிலேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். 20 ரூபாயில் இன்னமும் 700 டன் கேட்கிறார்கள், ஆனால் 400 டன்தான் வருகிறது. பற்றாக்குறை 300 டன். விலை ஏறத் தொடங்குவது இதனால்தான். ஏறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வாங்குபவர்கள் 10 டன் விட்டுக்கொடுக்கிறார்கள், D1-இன்மேல் இடப்பக்கமாக மேலேறுகிறோம். அதே ரூபாய்க்கு இன்னொரு பக்கம் 20 டன் கூடுதலாக வருகிறது, S2-இன்மேல் வலப்பக்கமாக மேலேறுகிறோம். ஒரு ரூபாய்க்குப் பற்றாக்குறை 30 டன் சுருங்குகிறது. 300 டன்னும் தீரப் பத்து ரூபாய் ஏற வேண்டும். புதிய சமநிலை 30 ரூபாய், 600 டன்.

இந்தக் கணக்கில் ஒன்றை உற்றுப் பாருங்கள். கோடு 300 டன் நகர்ந்தது. விற்கும் அளவு 100 டன்தான் குறைந்தது. மீதி 200 டன்னை ஏறிய விலை இழுத்து வந்தது. “அளிப்பு 300 குறைந்தது, எனவே அளவு 400” என்று எழுதுபவர், கோடு நகர்ந்த தூரத்தையும் சமநிலை நகர்ந்த தூரத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார். இரண்டும் ஒன்றாவது மிகவும் அபூர்வம். ஸ்லைடில் முதல் தூரம் அம்புக்குறியின் நீளம். இரண்டாவது தூரம், கீழ் அச்சுக்கு இறங்கும் இரண்டு புள்ளிக்கோடுகளுக்கு இடையே இருப்பது.

நேர்கோடுகளுக்கு இதையே ஒரு குறுக்குவழியாக வைத்துக்கொள்ளலாம்: கோடு கிடைமட்டமாக நகர்ந்த டன்னை, ஒரு ரூபாய்க்கு இரு பக்கமும் மாறும் டன்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் விலை மாற்றம் வரும். 300 ÷ (10 + 20) = 10. கோடு D ஆனாலும் S ஆனாலும் வகுக்கும் எண் இதேதான்.

மேலே போனது ஏன் குறைவு?

S2-ஐ S1-உடன் வைத்துப் பார்த்தால் S2 மேலே இருக்கிறது. மேலே போனால் கூடியது என்று மனம் சொல்லும், அது தவறு. ஏறுகோடு இடப்பக்கம் நகர்ந்தால் கண்ணுக்கு மேலே நகர்ந்ததுபோலத் தெரிந்தே தீரும். இறங்குகோட்டில் இந்தக் குழப்பம் வராது, அது வலப்பக்கம் நகர்ந்தாலும் மேலே நகர்ந்தாலும் கூடியது என்றே ஆகும். இதனால்தான் “மேலே, கீழே” என்ற சொற்களைக் கோட்டுக்குப் பயன்படுத்தாமல், “வலப்பக்கம், இடப்பக்கம்” என்று மட்டுமே பேசப் பழக வேண்டும்.

ஆனால் செங்குத்துத் தூரத்துக்கும் ஒரு பொருள் உண்டு, அதைப் பயன்படுத்த வேண்டிய இடமும் உண்டு. லாரி வாடகை ஏறி, ஒரு கிலோவைக் கொண்டுவர 3 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது என்று வையுங்கள். மழையை மறந்துவிட்டு D1, S1-க்கே திரும்பி வாருங்கள். முன்பு 20 ரூபாய்க்கு 700 டன் கொண்டுவந்தவர்கள், இப்போது அதே 700 டன்னுக்கு 23 ரூபாய் கேட்பார்கள். கோடு சரியாக 3 ரூபாய் மேலே போகிறது. ஒரு ரூபாய்க்கு 20 டன் என்பதால், அது கிடைமட்டத்தில் 60 டன் இடப்பக்கம் என்றும் பொருள். விலை மாற்றம் 60 ÷ 30 = 2 ரூபாய். புதிய விலை 22, அளவு 680.

செலவு ஏறியது 3 ரூபாய், விலை ஏறியது 2 ரூபாய். கொண்டுவருபவர் 22 ரூபாய் வாங்கி 3 ரூபாயைக் கூடுதல் வாடகைக்குக் கொடுத்தால், கையில் நிற்பது 19. ஆக, வாங்குபவர் 2 ரூபாயையும் கொண்டுவருபவர் 1 ரூபாயையும் சுமக்கிறார்கள். ‘ஏறிய செலவு அப்படியே வாங்குபவர் தலையில் விழும்’ என்று பேசுவதற்கு முன் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். விலைக்கு அதிகம் அசையாத பக்கம்தான் அதிகம் சுமக்கும். நம் எண்களில் வாங்குபவர்கள் ஒரு ரூபாய்க்குப் 10 டன்தான் அசைகிறார்கள், கொண்டுவருபவர்கள் 20 டன். அதனால் சுமை இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்தது.

கார்த்திகை: D1 வலப்பக்கம் போகிறது

மழைக்குத் திரும்புவோம். அதே மாதத்தில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் வீடுகளில் அசைவம் நின்றுவிடும், சாம்பாருக்கும் ரசத்துக்கும் தக்காளி கூடுதலாகப் போகும். முகூர்த்த நாட்களும் சேர்ந்துகொண்டால் சமையல் கான்ட்ராக்டர்கள் பெட்டி பெட்டியாக எடுப்பார்கள். இவை எதுவும் தக்காளியின் விலையால் வந்தவை அல்ல. எந்த விலையிலும் 150 டன் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று கொள்வோம்:

```
D2:  Q = 1050 − 10P
```

இப்போது தாளில் நான்கு கோடுகளும் வந்துவிட்டன. வெட்டுப்புள்ளிகள் நான்கு:

- D1-உம் S1-உம்: 20 ரூபாய், 700 டன்
- D1-உம் S2-உம்: 30 ரூபாய், 600 டன்
- D2-உம் S1-உம்: 25 ரூபாய், 800 டன்
- D2-உம் S2-உம்: 35 ரூபாய், 700 டன்

பிடிஎஃப்-இல் குழப்புவது இந்த நான்கு புள்ளிகள்தான். இரண்டு மாற்றங்களும் சேர்ந்தே நடந்திருந்தால், சந்தை உண்மையில் நின்ற இடங்கள் முதலாவதும் கடைசியும் மட்டுமே. எண்ணில் 1-உம் 1-உம், 2-உம் 2-உம் சேரும் இடங்கள். நடுவில் உள்ள இரண்டும் ‘மழை மட்டும் பெய்திருந்தால்’, ‘மாலை மட்டும் போட்டிருந்தால்’ என்ற கற்பனை நிலைகள். ஆசிரியர் விளக்கத்துக்காக அவற்றில் ஒன்றின் வழியாகப் போயிருப்பார். எந்த வழியாகப் போனாலும் முடிவு ஒன்றே: 20 + 10 + 5 = 35. நகலில் முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் வட்டமிட்டு, நடுவில் உள்ள இரண்டுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதிவைத்தால், மறுநாள் பார்க்கும்போதும் புரியும்.

எது உறுதி, எது உறுதியில்லை

எண்கள் இல்லாமல் வெறும் அம்புகள் மட்டும் இருக்கும் ஸ்லைடிலும் இதே கேள்வி வரும்: தேவை கூடியது, அளிப்பு குறைந்தது, விலையும் அளவும் என்ன ஆகும்? ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியாகக் கேளுங்கள். அளிப்பு குறைந்தால் விலை ஏறும், அளவு குறையும். தேவை கூடினால் விலை ஏறும், அளவு கூடும். விலையில் இரண்டும் ஒத்துப்போகின்றன, ஆகவே விலை ஏறும் என்பது உறுதி. அளவில் எதிரெதிராக இழுக்கின்றன, ஆகவே சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் படம் ஏமாற்றும். படம் என்று ஒன்று வரைந்துவிட்டால், புதிய புள்ளி பழைய புள்ளிக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ விழுந்தே ஆக வேண்டும். மாணவர் தான் வரைந்ததைப் பார்த்து “அளவு கூடியது” என்று எழுதிவிடுவார். அது அவர் D-யை எவ்வளவு தூரம் தள்ளினார் என்பதன் விளைவே. நம் எண்களில் S2-ஐ அப்படியே வைத்துக்கொண்டு D-யை 75 டன் மட்டும் தள்ளினால் விலை 32.50, அளவு 650. 150 தள்ளினால் அளவு 700, முன்பு இருந்ததே. 225 தள்ளினால் விலை 37.50, அளவு 750. மூன்று படங்களிலும் அம்புகள் ஒரே திசையில்தான், அளவு மட்டும் மூன்று விதம். தேர்வில் “விலை ஏறும், அளவு எந்த நகர்வு பெரியது என்பதைப் பொறுத்தது” என்று எழுதுவதே முழுமையான விடை. சந்தேகம் இருந்தால், ஒரு அம்பைச் சிறியதாகவும் இன்னொன்றைப் பெரியதாகவும் வைத்து இரண்டு சின்னப் படங்கள் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் மாறாமல் வருவது மட்டுமே உறுதியானது.

S எவ்வளவு செங்குத்து என்பது காலத்தைச் சொல்கிறது

விடியற்காலையில் லோடு இறங்கிய பிறகு, அன்றைக்கு வந்தது வந்ததுதான். விலை 20 ஆனாலும் 60 ஆனாலும் அன்று கோலாரிலிருந்து இன்னொரு லாரி வந்துவிடாது. ஆக, ஒரே ஒரு நாளுக்கான அளிப்புக்கோடு கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். மழை பிடித்த முதல் நாள் 400 டன்தான் வந்தது என்று வைத்து, D1-இல் 400 டன்னுக்கு நேரான விலையைப் படித்தால் 50 ரூபாய். சில நாட்கள் கழித்து, விலையைக் கேள்விப்பட்டு வேறு பகுதிகளிலிருந்தும் லோடு வரத் தொடங்கினால், S2 சாய்வாகி விலை 30-க்கு வரும்.

ஒரே மழை, ஒரே D1. முதல் நாள் 50, பின்னர் 30. கோடு மறுபடியும் வலப்பக்கம் திரும்பிவிட்டதாக இதைப் படிக்கக் கூடாது. அளிப்புக்குப் பதில் சொல்லக் காலம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரே ஸ்லைடில் செங்குத்தான S ஒன்றும் சாய்வான S ஒன்றும் ஒரே புள்ளியின் வழியாகப் போனால், அது இடப்பெயர்ச்சி அல்ல, குறுங்காலமும் நீண்டகாலமும். இடப்பெயர்ச்சியில் கோடுகள் பொதுவாக இணையாக இருக்கும், ஒன்றையொன்று வெட்டாது. கோடுகளை அடையாளம் காண இது ஒரு நல்ல குறிப்பு.

படுக்கைக்கோடு எப்போது வரும்

சில ஸ்லைடுகளில் சமநிலைக்குக் கீழே ஒரு படுக்கைக்கோடு இருக்கும். அது விலை உச்சவரம்பு: அதற்குமேல் யாரும் விற்கக் கூடாது என்ற சட்டம். அதனால் D-யும் நகராது, S-உம் நகராது. அந்த விலையில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே பற்றாக்குறை. நம் D1, S2 படத்தில் 25 ரூபாயில் கோட்டைப் போட்டால் 650 டன் கேட்பார்கள், 500 டன் வரும். 150 டன் கிடைக்காது.

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி விலை மீண்டும் 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழ்நாடு அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. இதை உச்சவரம்பு என்று எண்ணி 60-இல் படுக்கைக்கோடு போட்டால் படம் தவறாகிவிடும். மற்ற கடைகள் 60-க்குமேல் விற்க அப்போது எந்தத் தடையும் இல்லை. வெளிச்சந்தையின் பார்வையில், அரசுக் கடையில் வாங்கியவர்கள் அந்த அளவுக்கு வெளியே வாங்கவில்லை. வெளிச்சந்தையின் D சற்று இடப்பக்கம் போகிறது. அரசும் அதே மொத்தச் சந்தையில்தான் கொள்முதல் செய்கிறது என்றால், அங்கே அந்த வாங்குதலும் ஒரு தேவை, பெரும்பகுதி விளைவு கழிந்துபோகும். வேறு எங்கிருந்தாவது கொண்டுவந்தால்தான் நகரத்துக்கான அளிப்பு கூடும். ஒரு செய்தியை வரைபடமாக்கும்போது, எந்தச் சந்தையின் படம் இது என்ற கேள்வியை இப்படித்தான் கேட்டுத் தீர்க்க வேண்டும்.

புள்ளிகளிலிருந்து கோடுகளுக்குத் திரும்பிப் போவது

அடுத்த ஸ்லைடு பெரும்பாலும் எதிர்த்திசையில் கேட்கும்: விலையும் அளவும் இப்படி மாறின, எந்தக் கோடு நகர்ந்தது? நகர்ந்தது ஒரே ஒரு கோடு என்று தெரிந்தால் விடை எளிது. விலையும் அளவும் ஒரே திசையில் போனால் நகர்ந்தது D. எதிரெதிர்த் திசையில் போனால் நகர்ந்தது S. இரண்டுமே நகர்ந்திருக்கலாம் என்றால், புள்ளிகள் குறைவாகவே பேசும். விலை ஏறி அளவு குறைந்திருந்தால், S இடப்பக்கம் போயிருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். D-உம் சற்று நகர்ந்ததா என்பதை அந்தப் புள்ளிகள் சொல்லாது.

நம் கார்த்திகைக் கணக்கில் சந்தையில் பதிவாவது இரண்டே புள்ளிகள்: 20 ரூபாயில் 700 டன், 35 ரூபாயில் 700 டன். இவற்றை ஒரு கோட்டால் இணைத்துவிட்டு “இதுதான் சென்னையின் தக்காளித் தேவைக்கோடு, விலை 15 ரூபாய் ஏறியும் யாரும் ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை” என்று ஒருவர் சொல்லலாம். படம் அவருக்குச் சாட்சி சொல்வதுபோலவே இருக்கும், கோடு நேர்செங்குத்தாக நிற்கும். ஆனால் அந்தக் கோடு D1-உம் இல்லை, D2-உம் இல்லை. ஒன்று D1-இல் இருக்கும் புள்ளி, மற்றது D2-இல் இருக்கும் புள்ளி.

தேவைக்கோட்டின் உண்மையான சாய்வு தெரிய வேண்டுமானால், D அசையாமல் S மட்டும் நகர்ந்த இரண்டு புள்ளிகள் வேண்டும். மழை பெய்தது, ஆனால் மாலையும் முகூர்த்தமும் இல்லாத ஒரு காலம் கிடைத்தால், 20 ரூபாயில் 700 டன், 30 ரூபாயில் 600 டன் என்று பதிவாகும். பத்து ரூபாய்க்கு 100 டன், அதாவது ஒரு ரூபாய்க்குப் 10 டன். D1-இன் சமன்பாட்டில் இருக்கும் அதே 10. அளிப்புக்கோட்டின் சாய்வை அறிய இதையே திருப்பிப் போட வேண்டும்: வானம் வெளுத்திருக்கும் நாட்களில் தேவை மட்டும் கூடினால், 20 ரூபாயில் 700, 25 ரூபாயில் 800 என்று கிடைக்கும், ஐந்து ரூபாய்க்கு 100 டன், ஒரு ரூபாய்க்கு 20. D நகர்ந்தால் தெரிவது S, S நகர்ந்தால் தெரிவது D. விலைப்பதிவு ஒன்றைக் கையில் எடுத்தால், அந்த நாட்களில் மழை பெய்ததா, மாதம் எது, முகூர்த்தம் இருந்ததா என்பதையும் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகே கோடு இழுங்கள்.